பன்னிரண்டே முக்கால் லட்சத்தில் ஒரு கோபுரம்

டில்லிபாபுவோடு ஒரே அறையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன். அந்த மனுஷனோடு எதில் வேண்டுமானாலும் சண்டை போடலாம், எண்ணிக்கையில் மட்டும் வாய் கொடுக்கக் கூடாது. ஒரகடத்தில் கார் கதவுக்கும் பானெட்டுக்கும் தகடு அடித்துக் கொடுக்கும் எங்கள் ஆலையில், சம்பளப் பிரிவு என்றால் அவரும் நானும்தான். டீக்கடையில் இரண்டு ரூபாய் மீதிக்குப் பதிலாகச் சாக்லேட் கொடுத்தால், வாங்கமாட்டார். இரண்டு ரூபாய் வரும்வரை நிற்பார். பின்னால் நாங்கள் நான்கு பேர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வோம்.

பென்னலூர்க்காரர். வயது ஐம்பத்து மூன்று. கம்ப்யூட்டர் வரைந்து தரும் படங்களை நம்பமாட்டார். "அது நாம இன்னா கேட்டாலும் தலையாட்டும், மஞ்சுளா" என்பார். தரப் பரிசோதனைப் பிரிவில் நல்ல தகட்டின் மேல் ஒட்டுகிற பச்சை நிற வட்ட ஸ்டிக்கரைச் சுருள் சுருளாக வாங்கி வந்து, பேக்கிங் அட்டையில் ஆளுக்கு ஒன்றாக ஒட்டிப் பார்ப்பார். ஒருமுறை ஆறு மாத விடுப்பை நாள்வாரியாக ஒட்டினார். புதன்கிழமை மட்டும் பச்சை ஓங்கி நின்றது. புதன் கேன்டீனில் உப்புமா. மெனுவை மாற்றினார்கள், புதன் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் மனிதர் ஸ்டிக்கரைத்தான் தேடுவார். எனக்குக் குப்பை பெருக்குகிற வேலை கூடியது.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு விவகாரம் கிளம்பியது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள். இரட்டைச் சம்பளம் என்றாலும் வேண்டாமாம். மறுப்புப் பதிவேட்டில் காரணங்களைப் படித்தால் சிரிப்பு வரும். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், கிணற்றில் மோட்டார் விழுந்தது, கால் சுளுக்கு. வசந்தகுமார் என்பவர் ஒரே பிள்ளைக்கு மூன்று ஞாயிறு காதுகுத்து எழுதியிருந்தார். பிள்ளைக்குக் காது இரண்டுதான்.

மனிதவள மேலாளர் சங்கரநாராயணனுக்குச் சிரிப்பு வரவில்லை. இது திட்டமிட்ட ஒத்துழையாமை என்று முடிவு கட்டிவிட்டார். தூண்டியவர் யார் என்று தேடியபோது கையில் கிடைத்தது ரகுபதியின் வாட்ஸ்அப் செய்தி. தகடு அடிக்கிற பிரஸ் லைன் குழுவில் அவர் எழுதியிருந்தார்: "பன்னெண்டே முக்கா லட்சத்த தாண்டாதீங்க. தாண்டினா உழைப்பு வேஸ்ட்." ரகுபதி பத்தொன்பது வருட டெக்னீசியன், ஒரு காலத்தில் சங்கச் செயலாளர். அது போதாதா? மார்ச் முதல் வாரமே சஸ்பெண்ட் செய்து பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினாறாம் தேதி விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும். அவர் மகள் தென்றல் தண்டலத்துப் பக்கம் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"வரிதான் சார் காரணம்னு சொன்னேன்" என்றார் ரகுபதி, சஸ்பெண்ட் உத்தரவை வாங்கிய கையோடு எங்கள் கவுண்டருக்கு வெளியே நின்று. முகம் இருண்டிருந்தது. "மேலாளரு, நாப்பது பேருக்கு ஒரே மாசத்துல வரி ஞாபகம் வருமாய்யான்னு கேக்குறாரு."

டில்லிபாபு பேனாவைக் கீழே வைத்தார். மேசை மேல் இருந்த ஸ்டிக்கர் சுருளைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு ஏழு மணி பஸ் போச்சு.

விஷயம் இதுதான். இந்த வருடத்திலிருந்து புதிய வரி முறையில், கழிவு போக வருமானம் பன்னிரண்டு லட்சத்துக்குள் இருந்தால் வரியே கிடையாது. சம்பளக்காரனுக்கு எழுபத்தைந்தாயிரம் நிலைக்கழிவு உண்டு என்பதால் அவன் எல்லை பன்னிரண்டே முக்கால். அதைக் கொஞ்சம் தாண்டினால் மொத்தத்துக்கும் வரி போட்டு ஒரே அடியாக அறுபதாயிரத்தைப் பிடுங்கமாட்டார்கள். அதற்குச் சலுகை வைத்திருக்கிறார்கள்: தாண்டிய தொகை எவ்வளவோ அவ்வளவுதான் வரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூட நூறு ரூபாய் சம்பாதித்தால் வரி நூறு, அதன் மேல் செஸ் என்ற உபவரி நான்கு. ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸில் நின்று வியர்வை சிந்தி, கையிலிருந்து நான்கு ரூபாய் போட்டுக் கொடுக்க வேண்டும். சம்பளம் பதின்மூன்று லட்சத்து நாற்பத்தையாயிரம் வரை ஏறினால்தான் இந்தக் கூத்து முடிந்து, அதற்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து, செஸ்ஸோடு கொஞ்சம் கூட, என்ற சாதாரணக் கணக்கு ஆரம்பிக்கும். பிப்ரவரியில் பன்னிரண்டே முக்காலைத் தொட்டவன் மார்ச்சுக்குள் அவ்வளவு தூரம் எப்படித் தாண்டுவான்?

"அப்போ அவரு சொல்றது நெசம்தானே, சார்?" என்றேன்.

"நெசம்னா போதாது. சங்கரநாராயணன் சாரு கண்ணால பாக்கணும்."

நான்கு நாள் ஒட்டினோம். ஆமாம், ஒட்டினோம். திட்டிக்கொண்டே நானும் ஒட்டினேன். பெயர் இல்லாமல், ஓ.டி. உள்ள நிரந்தரத் தொழிலாளர் அத்தனை பேரின் வருடச் சம்பளம். பிப்ரவரி வரை வாங்கியது, அதோடு மார்ச்சின் ஓ.டி. இல்லாத சம்பளம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கட்டம். விரலெல்லாம் பசை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் என் புடவை முந்தானையில் ஒரு தொழிலாளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

விசாரணை அன்று டில்லிபாபு அட்டையைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நான். சென்னையிலிருந்து வந்த விசாரணை வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"கட்டத்துக்கு எட்டு பேர், ஒம்போது பேருன்னு சீரா போகுது, பாருங்க" என்றார் டில்லிபாபு. "பன்னெண்டே முக்காலுக்கு முன்னாடி கட்டத்துல மட்டும் நாப்பத்தேழு பேரு. கோபுரம் மாரி நிக்குது. வழக்கமா நிக்க வேண்டிய எட்டுக்கு மேல முப்பத்தொம்போது. அதைத் தாண்டின ஏழு கட்டத்துல அம்பத்தாறு பேர் இருக்கணும். பதினஞ்சுதான் கீது. நாப்பத்தொண்ணு குறையுது. இங்க குறையுறவன்தான் அங்க வந்து நிக்கிறான். அதுக்கப்புறம் மறுபடி எட்டு, ஒம்போது."

"சம்பள உயர்வு அப்படி அமைஞ்சிருக்கலாமே?" என்றார் மேலாளர்.

இதற்காகவே இரண்டாவது அட்டை. போன வருடத்தது. பன்னிரண்டே முக்காலில் ஒன்றுமில்லை, சமதரை. அதற்குப் பதில் ஏழே முக்காலில் ஒரு குட்டிக் கோபுரம்.

"போன வருசம் எல்லை ஏழே முக்கா சார். இந்த வருசம் அந்த எடத்துல கோபுரம் இல்ல. எல்லை நகந்துச்சு, கோபுரமும் எழுந்து வந்துருச்சு. இதுக்குத் தலைவன் எதுக்கு சார்?"

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேலாளர் விடவில்லை. "ரகுபதி அந்த மெசேஜ் போடாம இருந்திருந்தா?"

"அவரு குரூப்பு பிரஸ் லைனுக்குத்தான். பெயின்ட் ஷாப்ல அந்த மெசேஜ் போகல. அங்கயும் இதே கோபுரம், சின்னதா. அவரு குரூப்புலயே ஒம்போது லட்சம் வாங்குற பசங்கள்ல கூப்பிட்டவன் ஒருத்தன் பாக்கியில்லாம ஓ.டி.க்கு வந்தாங்க. தூண்டிவிட்டா அவங்களும்தானே வராம நின்னுருக்கணும்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் வரிசையைக் காட்டினார். "இது ஆபீசருங்க. ஓ.டி. கிடையாது, சம்பளம் அவங்க கையில இல்ல. அதனால மேடு பள்ளம் எதுவும் இல்ல. அவங்களுக்கும் ஓ.டி. குடுத்துப் பாருங்க சார், அந்தக் கோபுரத்துல ஏறி நிப்பாங்க."

வக்கீல் சிரித்துவிட்டார். மேலாளர் சிரிக்கவில்லை, கோபுரத்தில் விரலை வைத்தார். "இந்த நாற்பத்தேழு பேர் யார் யார்னு சொல்லுங்க."

நான் பிடித்திருந்த முனையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன்.

"எண்ணிக்கைதான் சார் கீது. பேரு இல்ல."

"உங்ககிட்ட இல்லாமலா?"

டில்லிபாபு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, நான் கனவிலும் எதிர்பார்க்காததைச் சொன்னார். "சாருக்கு ஒரு பேரு வேணும்னா டில்லிபாபுன்னு எழுதிக்கங்க. ஒவ்வொருத்தனும் கவுண்டர்ல வந்து, அண்ணா, எல்லைக்கு இன்னும் எவ்ளோ கீதுன்னு கேட்டான். நாலாயிரத்து முந்நூறு, ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு நான்தான் சொன்னேன். வரி பிடிக்கிற ஆளு நானு. கேட்டா சொல்றது என் வேல. ரகுபதிக்கும் நான்தான் சொன்னேன். அவரு அதைத்தான் நாலு பேருக்குச் சொன்னாரு. தண்டிக்கணும்னா என்னைத் தண்டிங்க."

இரண்டு ரூபாய்க்காக டீக்கடையில் நிற்கிற அந்த மனுஷனை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது; அவர் போய்விட்டால் அத்தனை வேலையும் என் தலையில்.

வக்கீல் கோப்பை மூடி, "இந்தக் கேஸ் நிக்காது சார்" என்றார். மேலாளர் அட்டையைத் தன் பக்கம் திருப்பினார். "அப்ப ஓ.டி.க்கு யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டார். ஒன்பது லட்சக்காரர்கள் நின்ற இடத்தை டில்லிபாபு காட்டினார். அடுத்த ஞாயிறே லைன் ஓடியது. வசந்தகுமார் பிள்ளையின் காதுக்கும் விடுதலை கிடைத்தது.

ரகுபதியின் சஸ்பென்ஷன் ரத்தானது, பிடித்த பாதிச் சம்பளமும் வந்தது. வருடச் சம்பளம் பழையபடி பன்னிரண்டு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூறில் கச்சிதமாக நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். நிர்வாகத்துக்கு மனச்சாட்சி உறுத்தி, மன உளைச்சலுக்கு ஈடாக மார்ச் சம்பளத்தோடு ஐயாயிரம் ரூபாய் சிறப்புத் தொகை அறிவித்தார்கள்.

ரகுபதி ஓடிவந்தார். "அண்ணா, இது வேணாம்னு எழுதிக் குடுத்துரலாமா?"

டில்லிபாபு தாளை எடுத்துப் போட்டார். "எல்லைக்குள்ள நானூறு எடம் கீது. தாண்டுறது நாலாயிரத்து அறுநூறு. அது அப்டியே வரி. செஸ் நூத்தி எம்பத்து நாலு. ஐயாயிரத்துல உன் கைக்கு எரநூத்திப் பதினாறு." பேனாவை மூடினார். "வாங்கிக்க ரகு. மன்னிப்பு கேக்குறாங்க. அதை வேணாம்னு சொல்லாத."

ரகுபதி அந்த இருநூற்றுப் பதினாறு ரூபாய்க்கு இரண்டு பிரியாணி வாங்கிவந்தார். பார்சலைக் கவுண்டரில் வைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. பதினோரு வருடத்தில் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத டில்லிபாபு, பார்சலைப் பிரித்து என் பக்கமும் ஒன்றைத் தள்ளினார். பாதி சாப்பிட்டபின் பில்லை எடுத்துப் பார்த்தார்.

"இருநூத்தி இருவது போட்டிருக்கான், ரகு. நாலு ரூபாய் உன் கைக்காசா?"

"விடுங்கண்ணா."

டில்லிபாபு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையில் தேடி, நான்கு ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார்.

"கூட நாலு ரூபா குடுக்குறது கவர்மென்ட்டுக்கு மட்டும் போதும்."