பத்துச் சுற்றும் ஒன்பதரையும்

மாசானம் பதினோரு ஆண்டுகள் ஷிப்ட் வேன் ஓட்டியவர். தொழிலாளர்களை மறைமலை நகரில் ஏற்றி ஒரகடத்தில் இறக்குவதும், அங்கே ஏற்றி இங்கே இறக்குவதுமாகக் காலம் போனது. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் இருந்த மனைவி சந்தனமாரியையும் மகளையும் அழைத்துவர முடியாமல் போனதற்கு அந்த வேன்தான் காரணம். எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று அவருக்கே தெரியாது.

2006 பிப்ரவரியில் கம்பெனி அவரை வெளிநாட்டு மேலாளரின் காருக்கு மாற்றியது. பகல் வேலை மட்டும். மார்ச்சில் படப்பையில் ஓர் அறை பிடித்தார். சந்தனமாரி மகளோடு வந்து சேர்ந்தாள்.

ஏப்ரலில் அந்தக் காரின் பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. கார் வேகத்தடைகளில் அடி தட்டுவதாக மேலாளர் முன்பே குறைப்பட்டிருந்தார். கம்பெனி நிர்வாக அதிகாரி பராசரன் மாசானத்திடம் கேட்டார்.

"என்னப்பா மாசானம், என்ன பண்ணலாம்?"

"பின்னாடிக்கு ஒரு சைஸ் பெருசாப் போட்டா வண்டி தூக்கி நிக்கும் சார். எங்க வேன்ல அப்படித்தான் போடுவோம்."

வேனில் அது வழக்கம். பாரம் தாங்கும், பள்ளத்தில் தப்பும். பராசரன் கையெழுத்திட்டார். பெரிய டயர்கள் ஏறின. கார் கம்பீரமாக நின்றது. மாசானத்துக்கே பெருமை.

மூன்றாம் நாள், வல்லக்கோட்டைக்குத் திரும்பும் இடத்தில், பின்னால் லாரி நெருங்க, ஆக்சிலேட்டரை மிதித்தார். வேகம் கூடவில்லை. யாரோ கையால் பிடித்து இழுப்பது போல எஞ்சின் அடங்கியது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசாமல் விலகிப் போனது. சற்று நேரத்தில் முகப்புப் பலகையில் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்தன: சறுக்கலைத் தடுக்கும் அமைப்பின் விளக்கு ஒன்று, எஞ்சின் விளக்கு ஒன்று. பின்னிருக்கையில் மேலாளர் அப்போதே தன் செயலாளரைப் போனில் அழைத்தார். அதுதான் மாசானத்தைப் பயமுறுத்தியது.

சர்வீஸ் நிலையத்தில் மெக்கானிக் வேல்விழி காரில் கணினியைப் பொருத்திப் பார்த்தார்.

"பின் சக்கர வேகம் பொருந்தலைன்னு சொல்லுது அண்ணே. சென்சாரா இருக்கும்."

சென்சார்களை மாற்றி விளக்கை அணைத்து அனுப்பினார். டயர் புதிதாக இருந்ததால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. கார் ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் விளக்குகள் திரும்ப வந்தன. இரண்டாவது முறை எலி கடித்திருக்கும் என்று வயர்களைத் தேடினார்கள். எலி இல்லை.

"ஓட்டுற ஆளு சரியில்ல போலிருக்கு" என்று மேலாளரின் செயலாளர் சொன்னது மாசானத்தின் காதில் விழுந்தது.

டயர் மாற்றிய பிறகுதான் இதெல்லாம் என்று மாசானத்துக்குத் தோன்றியது. அன்று மதியம் கார் நிறுத்துமிடத்தில், நான்கு டயர்களின் அடியிலும் சாக்பீஸால் கோடு போட்டார். காவலாளி பிச்சையா வந்து நின்றார்.

"இன்னாபா, காருக்குப் பொட்டு வச்சிகினு கீற?"

"நான் தள்ளுதேன். நீங்க முன் சக்கரத்தை எண்ணுங்கண்ணே. கோடு பத்தாவது தடவை தரையைத் தொட்டதும் சொல்லுங்க."

"பத்து! நிறுத்து!"

முன் சக்கரத்தின் கோடு தரையில் இருந்தது. பின் சக்கரத்தின் கோடோ உச்சியில், அரைச் சுற்று மிச்சம் வைத்து நின்றது. பெரிய டயர் அதே தூரத்துக்குக் குறைவாகவே சுற்றியிருந்தது.

மாசானம் சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்தார். வேல்விழி டயர் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அண்ணே, அது முன்னாடி சக்கரத்தால ஓடுற கார். பின்சக்கரத்தைவிட முன்சக்கரம் வேகமாச் சுத்தினா, வழுக்குதுன்னு காரோட கம்ப்யூட்டர் நெனச்சு எஞ்சினை அடக்கும். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கணக்கு ஒத்துவரலைன்னு விளக்கைப் போட்டு ஒதுங்கிடும். சைஸ் மாறுனதை நான்தான் பார்த்திருக்கணும்."

இனி என்ன? சொல்லாமல் இருந்தால் இன்னொரு லாரி வரும். சொன்னால் அடுத்த கேள்வியும் வரும். பராசரனிடம் போய்ச் சொன்னார். அது வந்தது.

"இந்த சைஸைப் போடச் சொன்னது யாருப்பா?" என்றார் பராசரன், தான் கையெழுத்திட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டே.

"நாந்தான் சார்."

பராசரன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்ன பண்ணட்டும் சொல்லு. காரணம்னு ஒண்ணு எழுதணுமே."

சரியான அளவு டயர்கள் சென்னையிலிருந்து இரண்டு நாளில் வந்தன. விளக்குகள் அணைந்தன, திரும்ப வரவில்லை. மூன்றாம் நாள் காருக்கு வேறு ஓட்டுநர் வந்தார்.

மாசானம் வேனுக்குத் திரும்பினார். அதன் பின்டயர்கள் இரண்டும் ஒரு சைஸ் பெரியவை. அந்த வண்டியில் எச்சரிக்க மஞ்சள் விளக்கே கிடையாது.

வீட்டில் சந்தனமாரி கேட்டாள்: "பகல் வேலைன்னுதான வரச்சொன்னிய? ராத்திரி புள்ளைய வச்சிக்கிட்டு நான் மட்டும் இந்த அறையில எப்படி இருக்க?"

அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று அவருக்கே தெரியவில்லை. ஊருக்கு இரண்டு டிக்கெட் எடுக்க அவர் தாம்பரம் போனார்.