‘எனக்கு முடியல’ என்று அக்கா சொன்ன வெள்ளிக்கிழமைகள்

அக்காவின் ஓராண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும் வணக்கம். இதைப் படித்துவிட்டுச் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். அவர்கள் யார் யார் என்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் வீட்டில் எனக்குச் ‘சீ.ஐ.டி.’ என்றுதான் பெயர். பெண்கள் தங்களுக்குள் காதோடு பேசிக்கொள்ளும் விஷயத்தை அச்சில் போடலாமா என்று அக்காவின் கணவரிடம், எங்கள் மாமாவிடம், கேட்டேன். “போடு, அதையும் சேர்த்தே போடு” என்றார்.

அக்கா கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்தியதும் அந்தக் கூடையை அக்கா எடுத்துக்கொண்டார். நான் பரீட்சை எழுதி, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தது அவர் பறித்த கொழுந்தால்தான். பெரகலைக்குக் கீழேயுள்ள தோட்டத்தில் அவர் வாழ்க்கைப்பட்டார். சில வருடங்களில் நானும் அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கு மருமகளாக வந்தேன். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே உளுந்து வறுத்தால் இங்கே வாசம் வரும்.

எங்கள் தோட்டத்தில் மாதவிலக்கைத் ‘தூரம்’ என்போம். தூரமான பெண் கோயிலுக்குப் போவதில்லை, சாமி படத்துக்கு விளக்கு ஏற்றுவதில்லை, தலைக்குக் குளித்த பிறகுதான் பூத்தொடுக்கக்கூட உட்காருவாள். சமைப்பது, மலைக்குப் போவது எல்லாம் வழக்கம்போல நடக்கும். அதற்குத் தீட்டுப் பார்த்தால் லயத்தில் அடுப்பு எரியாது. பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பங்களில் தனிப்பாய், தனித்தட்டு என்று இன்னும் இருப்பதாகச் சொல்வார்கள். எதிர்க் காம்பரா மேரியக்கா வேதக்காரர், கிறிஸ்தவர். அவர் எந்த நாளிலும் சேர்ச்சுக்குப் போவார். கேட்டால், “எங்களுக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல. ஆனா எங்கம்மா அந்த நாள்ல நன்மை அப்பம் வாங்க முன்னாடி போக மாட்டாங்க” என்பார்.

தூரம் பார்ப்பது எங்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. அது ஊருக்கே தெரிந்துபோவதுதான் கஷ்டம். திருவிழாவில் கரகம் ஒவ்வொரு லயத்து வாசலிலும் வந்து நிற்கும். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆரத்தி எடுப்பார்கள். எந்த வாசலில் பக்கத்து வீட்டுக்காரி தட்டுப் பிடிக்கிறாளோ அந்த வீட்டில் இன்னார் தூரம் என்று தவில்காரனுக்குக்கூடத் தெரிந்துவிடும். பதினைந்து வயதுப் பெண்கள் அன்றைக்குக் கூனிக் குறுகிக் கதவுக்குப் பின்னால் இருப்பார்கள்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் அக்காவும் “எனக்கு முடியல, நீங்க போயிட்டு வாங்க” என்பார். முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு சந்தேகம் வந்தது. போன வாரம்தான் பீலித் தண்ணீரில் அவர் தலைக்கு ஊற்றியதைப் பார்த்தேன், அதற்குள் மறுபடியுமா? மேரியக்கா வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அக்கா இரண்டு தரம் போயிருந்தார். ஆள் வேதத்துக்கு மாறப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு திருவிழாவில் கற்பூரம் மறந்துவிட்டதாகச் சொல்லி நடுவழியில் திரும்பி வந்து கதவைத் தள்ளினேன். உள்ளே அக்கா, கடைசிக் காம்பராப் பெண்ணுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்குத்தான் தூரம். அக்காவுக்கு ஒன்றுமில்லை.

“என்னடி ஒளிஞ்சு பாக்குற?” என்றார் அக்கா. “ரெண்டு பேரு உள்ள இருந்தா யாருக்குன்னு எவனுக்குத் தெரியும்? அதுக்குத்தான்.”

அம்மனைப் பார்க்காமல் இருக்கிறாயே, அது பாவமில்லையா என்று கேட்டேன். “அம்மா நாளைக்கும் அங்கதான் இருப்பா” என்று சொல்லிவிட்டுப் பேன் பார்க்கப் போய்விட்டார்.

அக்காவின் மருமகள் கலாவுக்குக் குழந்தை பிறந்தபோதும் இப்படித்தான். எங்கள் லயத்தில் முப்பது நாள் கழித்து, வீடு கழுவி, பூசாரி கொடுத்த தீர்த்தம் தெளித்து, தாயையும் பிள்ளையையும் கோயிலுக்குக் கூட்டிப் போவது வழக்கம். அப்புத்தளையில் இருந்து வந்த கலாவின் அம்மா நாற்பது முடியாமல் கூடாது என்றார். மாமாவின் பங்காளிகளோ, முப்பதாம் நாளே பிள்ளையை அம்மன் காலடியில் போட வேண்டும், பிறந்த தீட்டால் நாங்களும் கோயிலுக்குப் போக முடியாமல் இருக்கிறோம் என்று நெருக்கினார்கள். கலாவுக்குத் தையல் போட்ட இடம் ஆறவில்லை, படியேற முடியவில்லை. அதை எந்த ஆம்பளையிடம் சொல்வது? அக்கா எல்லோரையும் கூப்பிட்டு, “முப்பதாம் நாள் வர்ற வெள்ளி சரியில்லையாம், பஞ்சாங்கத்துல போட்டுருக்கு” என்றார். நான் கலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் போடவில்லை. வாயைத் திறக்கப் போன என்னை அக்கா ஒரு பார்வை பார்த்தார். கலா உடம்பு தேறிய பிறகு, தானாகவே நடந்து கோயிலுக்குப் போனாள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அக்கா முடியல என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. யாருக்காக என்று மனதுக்குள் கணக்குப் போட்டுச் சிரித்துக்கொள்வோம். அக்காவுக்குத் தூரம் நின்றுபோய் வருடங்கள் ஆன பிறகும் இது நடந்தது. ஆண்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது என்பதால் அவர்கள் நம்பினார்கள்.

பிறகு ஒரு தீபாவளிக்கு முன்னால் இருந்து அக்கா பல வெள்ளிக்கிழமைப் பூசைகளுக்கு வரவில்லை. கலாவுக்காக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். எனக்காக இருக்கிறார் என்று கலா நினைத்தாள். வெள்ளிகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து போவது அரிது, ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அடுத்த திருவிழாவிலும் அக்கா வீட்டில் இருந்துவிட்டார். கலா பால்குடம் எடுத்திருந்தாள். நான் வேப்பிலைத் தட்டோடு பக்கத்தில் நடந்தேன். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. அக்கா இவளுக்காக உள்ளே இருக்க, இவள் தூரத்தை மறைத்துக்கொண்டு அம்மனுக்குப் பால் எடுத்திருக்கிறாளே என்று நினைத்தேன். அவளும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வளைவில் நெருங்கி வந்து மெதுவாகக் கேட்டாள்.

“சின்னத்தை, ஒங்களுக்கு இன்னைக்கி முடியாதுல்ல? பெறகு ஏன் வந்தீங்க?”

“எனக்கா? ஒனக்குத்தான்னு நான் நெனச்சேன்.”

“இல்லீங்க சின்னத்தை. நான் மாத்திரை போட்டு நாளத் தள்ளி வச்சிருக்கேன். அத்தைக்கே தெரியும்.”

வீட்டில் வேறு பெண்கள் இல்லை. பேத்தி இன்னும் சின்னப் பிள்ளை. கடைசிக் காம்பராப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அப்படியென்றால் அக்காவுக்கே ஏதோ முடியவில்லை. பால்குடத்தைக் கோயில் சேரும் வரை கீழே இறக்கக் கூடாது. அவளால் வர முடியாது. நான் தட்டை மேரியக்காவின் மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

அக்கா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியை மறைத்தார். நான் அதை இழுத்துப் பார்த்தேன்.

“நின்னது மறுபடியும் வந்துருச்சுடி” என்றார், வெட்கப்பட்டுக்கொண்டு. “இந்த வயசுல இத எங்க போய்ச் சொல்றது?”

“எப்ப இருந்து?”

“தீவாளிக்கு முன்னாடி இருந்து.”

“ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?”

“சொன்னேனே. எனக்கு முடியலன்னு ஒவ்வொரு வெள்ளியும் சொன்னேன். நீங்கதான் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க.”

அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே, தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கத் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாது மிஸ்ஸிடம் கூட்டிப் போனேன். அவர் ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ளாமல் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நின்றுபோன பிறகு இரத்தம் வந்தால் அது மாதவிலக்கு அல்ல, ஒரு துளி என்றாலும் காட்ட வேண்டும் என்று அங்கே டொக்டர் சொன்னார். கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்தார்கள், கதிர்ச்சிகிச்சை கொடுத்தார்கள். சில மாதங்கள் நன்றாக இருந்தார். மறுபடியும் தொடங்கியது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள்.

அக்காவின் ஒரே ஆசை அம்மனை ஒரு தரம் பார்ப்பது. இரத்தமோ நிற்கவில்லை. இது நோய், தூரம் இல்லை என்று நான் சண்டை பிடித்தேன். கலா பூசாரியிடம் கேட்டாள். “நோய்க்கு என்னம்மா தீட்டு? கூட்டிக்கிட்டு வாங்க” என்றார் அவர். நல்லவர்தான். ஆனால் கோயில் சபையில் நாலு பேர் இருக்கிறார்கள், நாளைக்கு மழை பிந்தினால் யார் தலையில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அக்காவும் உள்ளே வர மறுத்துவிட்டார். “பூசாரி சரின்னுட்டாரு. என் மனசு சரின்னு சொல்லலயே” என்றார். சபைக்குப் பயந்தாரா, உண்மையிலேயே மனம் ஒப்பவில்லையா என்பது எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் அவர் சொன்னபடியே செய்தோம்.

கோயிலுக்கு எதிரே ரோட்டில் த்ரீவீலை நிறுத்தினோம். பூசாரி திரையை அகல விலக்கி வைத்தார். வாசல் வழியாக விளக்கும் அம்மன் முகமும் தெரிந்தன. அக்கா கை கூப்பினார். மணியடித்தார்கள், எல்லோரும் உள்ளே போகத் தொடங்கினோம், நான் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். மாமா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர் சபையின் பழைய தலைவர், முதல் தீபாராதனை அவருக்குத்தான் காட்டுவார்கள். சபைக்காரர் ஒருவர் வெளியே வந்து கூப்பிட்டார்.

“நீங்க நடத்துங்க” என்றார் மாமா. “எனக்கும் இன்னைக்கி முடியல.”

அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் நின்றார். மாமாவுக்கு இத்தனை வருடமாக எல்லாம் தெரிந்திருக்கிறது. நான்தான் ஆண்களுக்குக் கணக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அந்த மாதம் முடியும் முன்னே அக்கா எங்களை விட்டுப் போனார். துக்கத் தீட்டில் இந்த ஒரு வருடமும் மாமாவும் மகனும் பங்காளிகளும் கோயில் படி மிதிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டு லயத்து வாசலில் நிற்பார்கள். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவைத் தாமதிக்காமல் பதுளைக்கு அனுப்பிய மருத்துவமாது மிஸ்ஸுக்கும், வாடகையைப் பற்றிப் பேசாமலே ஓடிய த்ரீவீல் தம்பிக்கும், அக்காவின் துணிகளை முகம் கோணாமல் துவைத்துக் கொடுத்த மேரியக்காவுக்கும், திரையை விலக்கிப் பிடித்த பூசாரிக்கும், கடைசிப் பயணத்தில் தோளில் சுமந்து வந்த லயத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

தூரம் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீடும் மனமும் பார்த்துக்கொள்ளட்டும், அதில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் அக்கா, தங்கை, மருமகள், மகன், கணவன் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பெண் ‘எனக்கு முடியல’ என்றால், பேசாமல் கோயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறது என்று கேளுங்கள்.