பதினெட்டு நிமிடத்தை முந்தும் விளையாட்டு

என் தங்கை மகள் பத்து வயது நிறைகிற அன்று ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள். பிறந்தநாள் கொண்டாட்டம் பதினெட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டும்.

அந்தக் கணக்கு முந்தைய மாதம் வந்தது. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் தோழியின் வீட்டில் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், காகிதத் தட்டில் சிப்ஸ் கொடுத்தார்கள், ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்தார்கள். கிஃப்ட் கைக்கு வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் செருப்பைத் தேடினார்கள். எங்கள் ஊரில் அது ஒரு மரபு. கல்யாணத்தில் தாம்பூலப் பை எப்படியோ பிறந்தநாளில் ரிட்டர்ன் கிஃப்ட் அப்படி. வாங்கியவர் நின்றால்தான் ஆச்சரியம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை மகள் சொன்னாள்: "மாமா, பதினெட்டே நிமிஷம். பாவம் அவ, அப்புறம் தனியா பலூன வெச்சினு உக்காந்திருந்தா."

தன் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்தாள். கிஃப்ட் பைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். எமோஜி விளையாட்டை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

இருபத்தாறு வருடம் பத்திரிகையில் துணையாசிரியராக இருப்பவனுக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. நாலு சொல்லில் தலைப்பு வைக்கிறவன் மூன்று படத்தில் வைக்க மாட்டானா? சினிமாப் பெயர்கள் பத்து எடுத்தேன். பெயரில் உள்ள சொற்களின் வரிசையிலேயே எமோஜிகள் வர வேண்டும், மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வகுத்தேன். மூன்றுக்குக் காரணம் உண்டு. வாட்ஸப்பில் எழுத்தில்லாமல் எமோஜி மட்டும் அனுப்பினால் மூன்று வரைக்கும் பெரிதாகத் தெரியும். நான்காவது சேர்ந்தால் எல்லாம் சிறுத்துவிடும். நான், தங்கை, மச்சான் மூவர் மட்டும் உள்ள குழுவில் ஒவ்வொரு கேள்வியாக அனுப்புவது, என் போன் திரையை அப்படியே டிவியில் காட்டுவது என்பது திட்டம். விடைத்தாளை இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. யாருக்கான கேள்விகள் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் வீட்டு முன்னால் ஒன்றின் பின் ஒன்றாக நின்றிருந்தன. பிள்ளையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி வரலாம் என்று நினைத்த பெற்றோர்கள் சாலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடி ஏறி வந்துவிட்டார்கள். பதினோரு பேர். பதினெட்டு நிமிடத் தோழியின் அப்பாவும் வந்தார். துணிக்கடை வைத்திருப்பவர். வண்டியைக் கீழே நிறுத்தியவர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

"உள்ள வாங்க பாய், உக்காருங்க," என்றார் மச்சான். "பரவால்ல, அஞ்சு நிமிஷந்தான்," என்றார் அவர். என் தங்கை மகள் அந்த 'அஞ்சு நிமிஷ'த்தைக் கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கேக் முடிந்தது. முதல் கேள்வியை அனுப்பினேன். டிவியில் பூட்டு, வீடு, கிளி.

"லாக்டவுன்!" என்றான் ஒரு பையன்.

"கிளி ஜோசியக்காரரு வீட்டப் பூட்டினு ஊருக்குப் போய்ட்டாரு," என்றாள் ஒருத்தி.

"இது படத்துப் பேருடா," என்றேன்.

"அப்டி ஒரு படமே இல்லியே மாமா."

கதவருகிலிருந்து ஹெல்மெட்காரர் குரல் வந்தது. "பூட்டிய வீட்டில் கிளி! எங்க டூரிங் டாக்கீஸ்ல மூணு தடவ பாத்தேன்."

விடை சரி. பிள்ளைகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு அம்மா பிள்ளைகள் வாய் திறப்பதற்கு முன்னால் விடை சொன்னார். மூன்றாவதற்கு இரண்டு அப்பாக்கள் ஒரே நேரத்தில் சொல்லி, யார் முதல் என்று தகராறு செய்தார்கள். நான்காவதில் பெரியவர்கள் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"அத்தா, சும்மா இருங்களேன், எங்களுக்குத்தான கேம்," என்றாள் தோழி.

"நீ சொல்லு, நா தடுத்தேனா? தெரிஞ்சா சொல்லு," என்றார் அத்தா. அதற்குள் ஐந்தாவது விடையையும் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளில் இருவர் பலூனை உடைக்கத் தொடங்கினார்கள். ஒருவன் தன் அம்மாவின் புடவையை இழுத்தான். "அம்மா, கிஃப்ட் வாங்கினு போலாம்." நான் எடுத்த படங்கள் எல்லாம் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்தவை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் தங்கை மகள் அருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்: "இன்னா மாமா இது? பெரியவங்களுக்கு பர்த்டேவா? புள்ளைங்கல்லாம் கிளம்புதுங்க." கை சாவியைப் பிடித்திருந்தது. பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

ஆறாவது கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது திரையின் மேலே ஒரு செய்தி இறங்கியது. என் விரல் பட்டு அது திறந்துகொண்டது. எங்கள் அலுவலகத்தில் இரவுப் பக்கம் பார்க்கும் சக ஊழியருடையது. அவர் விடுப்புக் கேட்பதற்கு எழுத்தையே செலவழிப்பதில்லை. வாயில் தெர்மாமீட்டர் வைத்த முகம், ஒரு மாத்திரை, ஒரு கும்பிடு. மூன்றே எமோஜி. டிவி நிறைய வந்து நின்றது.

"காய்ச்சல்!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள்.

"ஜுரம் வந்து மாத்திர போட்டுனு சாமி கும்புடுறாரு!"

"இல்லடா, லீவு கேக்கறாரு! ப்ளீஸ் சார்னு கேக்கறாரு!"

"பொய் ஜுரம்! ஸ்கூலுக்கு லீவு போடற மாதிரி!"

அன்று பிள்ளைகள் சரியாகச் சொன்ன முதல் விடை அதுதான். கடைசியில் கத்திய பையன் சொன்னதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரியவர்கள் விழித்தார்கள். "இது எந்தப் படம்?" என்று ஹெல்மெட்காரர் என்னைக் கேட்டார்.

என் தங்கை மகள் அரை நிமிடம் டிவியையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"சினிமா முடிஞ்சுது. இனிமே நெஜம். வீட்ல நடக்கறது மட்டுந்தான். நாங்க போடுவோம், பெரியவங்க கண்டுபுடிக்கணும். மூணுக்கு மேல போடக் கூடாது."

பலூன் உடைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். முதல் கேள்வியை அவளே போட்டாள். ஒரு போன், ஒரு கழிவறைப் பீங்கான், ஒரு கடிகாரம்.

யாரும் யோசிக்கவில்லை. மச்சானைத்தான் பார்த்தார்கள். "நைனா காலைல உள்ள போனா ஒரு மணி நேரம்," என்று அவள் விளக்கமும் சொன்னாள். "எல்லா வீட்லயும் அப்டித்தாம்மா," என்று ஒரு அம்மா சொல்ல, அவர் கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார். மச்சான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார், கொண்டுவரவில்லை.

அடுத்து தோழியின் முறை. மோட்டார் சைக்கிள், பெட்ரோல் பம்ப், மூக்கில் புகை விடும் முகம்.

"பெட்ரோல் தீந்துபோச்சு, கோவமா தள்ளினு வராரு," என்றார்கள் நாலைந்து பேர்.

"கோவம்லாம் இல்ல," என்றார் ஹெல்மெட்காரர். "ரெண்டு கிலோமீட்டர் தள்ளினேன். அது ஒரு பெருமையா இருந்துச்சு."

"அத்தா, வழியெல்லாம் என்னயத்தான திட்டினு வந்தீங்க!"

முந்தின நாள் நான் எல்லா முகங்களின் பெயரையும் சரிபார்த்திருந்தேன். எமோஜிகளின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் அந்த முகத்துக்கு இருக்கும் பெயர் வெற்றிக் களிப்பைத்தான் சொல்கிறது. உலகம்தான் அதைக் கோபத்துக்குப் பயன்படுத்துகிறது. இதை நான் சொன்னதும் அவர் ஹெல்மெட் மாட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். "பேப்பர்காரரே சொல்லிட்டாரு." அவர் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் எட்டுப் பேரும் அவள் பக்கம். வாக்கெடுப்பில் பதிவேடு தோற்றது.

அதற்குப் பின் வரிசை கட்டினார்கள். மாமியார் வந்தால் மட்டும் வீட்டுக்கு வரும் ஆப்பிள்கள். போன் சார்ஜ் ஒரு விழுக்காட்டுக்கு வந்ததும் அழும் அம்மா. எடை இயந்திரத்தில் ஏறுமுன் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் அப்பா. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு பெரியவர் தலை குனிந்தார், மற்றவர்கள் கை தட்டினார்கள்.

கடைசியில் என் தங்கை மகள் இன்னொரு கேள்வி போட்டாள். பரிசுப் பொட்டலம், ஓடும் ஆள், அழும் முகம்.

"கிஃப்ட்ட எவனோ திருடினு ஓடிட்டான்."

"கிஃப்ட் புடிக்கல, ஓடிட்டாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவர்களுக்கும் வரவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் ஆட்டத்தில் இல்லை.

தோழி எழுந்து நின்றாள். "கிஃப்ட் வாங்கினா எல்லாரும் போய்டுவாங்க. அப்புறம் அழுகையா வரும்." உட்கார்ந்தபடியே சேர்த்துச் சொன்னாள்: "எங்க வீட்ல அப்டித்தான் ஆச்சு."

அந்தப் பதினெட்டு நிமிட விருந்துக்குப் போய்வந்த பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பெற்றோர்களும் இருந்தார்கள். ஹெல்மெட்காரர் தன் மகளைப் பார்த்தார். பிறகு அறைக்கு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

மணி ஆறே முக்கால். என் தங்கை மகள் சங்கிலியைக் கழற்றி, பீரோவைத் திறந்து, எட்டுப் பைகளையும் கொடுத்தாள். பிறகு சுவரோரமாகப் போய் நின்றாள். பிள்ளைகள் பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பென்சில் டப்பா. ஒருவன் அதை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றான்.

அதே நொடியில் டிவியில் புதிதாக மூன்று எமோஜி வந்தன. காலித் தட்டு, பெருக்கல் குறி, சிவந்து போன கோப முகம்.

"சாப்பாடு தீந்துபோச்சு!" என்று அறையில் இருந்த எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். இவ்வளவு வேகமாக வேறு எந்த விடையும் வரவில்லை.

சமையலறையிலிருந்து என் தங்கை கரண்டியோடு வந்தாள். "ண்ணா, உனக்குத்தான அனுப்புனேன்! எட்டுப் பேருக்கு இட்லி ஊத்தி வெச்சா இருபது பேரு உக்காந்திருக்கீங்க, கத்தவா முடியும்?" அதற்குப் பிறகுதான் டிவியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஹெல்மெட்காரர் எழுந்தார். "முக்குல பரோட்டா கட. நா வாங்கினு வரேன்." அவர் வாசலைத் தாண்டுவதற்குள் என் தங்கை மகள் குறுக்கே போய் நின்றாள்.

"திரும்பி வருவீங்களா மாமா?"

"வராம? எம் பொண்ணு இங்கதான இருக்குது."

"ஹெல்மெட்ட வெச்சுட்டுப் போங்க."

அவர் சாலையை எட்டிப் பார்த்தார். பேருந்துகள் அசையவில்லை, எப்படியும் நடந்துதான் போக வேண்டும். முழங்கையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் படி இறங்கினார். அவள் அதைக் கேக் இருந்த மேசையில் வைத்தாள். அதன் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.