தொடர்பில் இருப்பவர்கள்

என் தங்கையை அப்போது எல்லோர் முன்னாலும் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தான் பெண் என்று அவள் எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள். கொழும்பில் கணினி வேலை பார்த்தவள், விடுமுறைக்குக் கல்முனைக்கு வந்திருந்தாள்.

வாப்பா பின்னேர அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். மாடி அறையில் அவளோடு இருந்தபடி, உத்தியோகக்காரர்கள் கூடும் இணையதளத்தில் அவளுடைய பக்கத்தை என் போனில் திறந்தேன். ஆங்கிலத்தில் அவள் பெயருக்குக் கடைசியில் ஓர் எழுத்து கூடியிருந்தது. அதைக்கூடப் பிழையென்று விட்டுவிடுவார்கள். ஆனால் பக்கத்திலேயே ‘ஷீ, ஹர்’ என்று பெண்ணுக்கு எழுதும் சொற்களும் இருந்தன. அவற்றின் அருகே ஒலிபெருக்கிக் குறி. தொட்டேன். அவள் குரல் அந்தப் பெயரைப் பெண்பிள்ளையின் பெயராகவே சொன்னது. உடனே பக்கத்தை மூடினேன்.

“இத அழிச்சிப் போடு. சாச்சா கண்டா வாப்பாட காதுக்குப் போகாம இரிக்குமா?”

“ஒபிஸில இவ்வளவு நாளும் மிஸ்டர் எண்டுதான் எழுதினாங்க ராத்தா. இதப் போட்ட பொறகுதான் சரியாக் கூப்பிடுறாங்க. அழிக்க ஏலா.”

அடி விழும். அதோடு நின்றால் அல்லாஹ்வின் கிருபை. வாப்பா கோபக்காரர் மட்டுமல்ல, ஊருக்குப் பயந்தவரும்கூட. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

அவள் தன் போனில் அமைப்பைத் திறந்தாள். அந்தச் சொற்களை யார் பார்க்கலாம் என்பதற்கு இரண்டு வழிகள்தான் இருந்தன: எல்லோரும், அல்லது தொடர்பில் இருப்பவர்கள் மட்டும். குரலுக்கும் அப்படித்தான். இரண்டுக்குமே இரண்டாவதைத் தெரிவு செய்துவிட்டு, “இப்ப சரிதானே?” என்றாள்.

எங்கே சரி? ஊர் பேர் தெரியாதவன் பார்த்தால் எங்களுக்கு என்ன? வாப்பாவின் தம்பியான சாச்சா, மாமாவின் பிள்ளைகள், மச்சான்மார் எல்லோரும் தொடர்பில்தான் இருந்தார்கள். சொன்னதும் அவள் தொடர்புப் பட்டியலைத் திறந்தாள்.

ஒவ்வொருவராக நீக்கத் தொடங்கினாள். நீக்கினால் அவர்களுக்கு அறிவிப்புப் போகாது என்றாள். இருந்தும் வாசல் கேற் பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சாச்சா இதற்கு முன்பே பார்த்திருந்தால் என்ன செய்வது என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

கடைசியில் என் படம் வந்தது.

“நீங்க இரிங்க ராத்தா.”

என் கணவர் வேலை தேடுவது என் கணக்கில்தான். வீட்டுக் கணினியில் அது எப்போதும் திறந்தே கிடக்கும்.

“என்னயும் எடு,” என்றேன்.

என் படத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு நீக்கினாள். என் போனில் பக்கத்தை மறுபடி திறந்தபோது அந்த இரண்டு சொற்களும் இல்லை, ஒலிபெருக்கிக் குறியும் இல்லை.

கீழே கேற் திறந்தது.

“மகன் எங்க புள்ள?” என்று வாப்பா கேட்டார்.

அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

“மேல இரிக்கான் வாப்பா,” என்றேன்.