தூளிக்குள் இருந்த வாடை

இன்றைக்கும் நீலகிரித் தைல வாடை பட்டால் எனக்குக் குமட்டும். பஸ்ஸில் யாராவது குப்பியைத் திறந்தால் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவேன்.

அரியமங்கலத்தில் அண்ணன் வீட்டுப் பின்னறைதான் தைலம் கலக்கும் இடம். நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் என்கிற இலை எண்ணெய், கிராம்பு எண்ணெய், கற்பூரம் எல்லாம் ஒரே அண்டாவில் சேரும். ஸ்ரீரங்கத்துக்கு ஏகாதசிக்கு வரும் கூட்டத்திடம் முட்டிவலிக்கென்று விற்பார். சோற்றில், தண்ணீரில், உடுத்தும் புடவையில் அந்த வாடைதான். நான் திருச்சியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவருக்கு வெளியூரில் வேலை என்பதால், ஐந்து மாத வயிற்றோடு அண்ணன் வீட்டில்தான் இருந்தேன்.

நின்று நின்று என் கால் வீங்கியபோது அண்ணன் ஒரு குப்பி நீட்டினார். அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்த எங்கள் லேடி டாக்டர் அங்கேயே குப்பியைப் பிடுங்கிக்கொண்டார். விண்டர்கிரீன் எண்ணெய் ஆஸ்பிரினின் பங்காளி, தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், ரத்தப்போக்கில் கொண்டுவிடும் என்றார். அண்ணனிடம் சொன்னேன். இலையும் பட்டையும் என்ன செய்துவிடும் என்று சிரித்தார். எருக்கம்பாலும் செடியில்தானே வருகிறது என்று கேட்டேன்.

அடுத்து வீட்டுப் பூனை. தெள்ளுப்பூச்சி போகட்டும் என்று அண்டாவின் அடிக்கசடை அதன் முதுகில் பூசினார். பூனை சும்மா இருக்குமா? நக்கியது. மாலைக்குள் வாயில் எச்சில் கயிறாகத் தொங்கியது; நாலு கால் நாலு பக்கம் போயிற்று. மாட்டாஸ்பத்திரி டாக்டர், இந்த எண்ணெய்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது, அதிலும் கிராம்பும் விண்டர்கிரீனும் அதற்கு நேர் விஷம் என்றார். மறுநாள் செத்துப்போனது. அண்ணன் அதைக் கொல்லையில் புதைத்துவிட்டு, பல்லியைத் தின்றிருக்கும் என்றார். அதே கையால் அன்றைக்கு இருபது குப்பி நிரப்பினார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

எனக்குப் பயம் பிறந்தது அண்ணன் குழந்தையை நினைத்துத்தான். பிறந்து ஐம்பது நாள். சளி பிடித்திருந்தது. டியூட்டிக்குக் கிளம்பும்போது அண்ணியை நிறுத்தி, "அண்ணி, இந்தத் தைலத்தைக் குழந்தை மேல ஒரு சொட்டுகூடத் தடவாதீங்க" என்றேன். சரி என்றார்.

சொன்னபடியே நடந்தார்கள். பாவிகள், அட்சரம் பிசகாமல் நடந்தார்கள்.

சாயங்காலம் திரும்பியபோது குழந்தை தூளியில் தூங்குவதாக அண்ணி சொன்னார். அடைமழை நாள், புடவைத் தூளியின் வாயையும் குளிருக்கு மூடி ஊக்கு குத்தியிருந்தார்கள். பிரித்தேன். உள்ளேயிருந்து ஆவி என் கண்ணில் அறைந்தது. தலைமாட்டில் தைலத்தில் நனைத்த துணி, அதில் கற்பூர வில்லை. குழந்தையின் உதடு நாவற்பழ நிறம். மூச்சு விட்டு விட்டு வந்தது. வாசலுக்குத் தூக்கி ஓடி, வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஊதியபோது எனக்கே கற்பூரம் கசந்தது.

"நீங்க சொன்ன மாதிரி மேல ஒண்ணும் தடவலீங்க. பக்கத்துலதான் வச்சோம்" என்று அழுதார் அண்ணி.

அழுவதா, அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. என்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். தடவாதே என்று சொன்ன எனக்கு, முகரவும் விடாதே என்று சொல்ல வாய் வரவில்லையே!

எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஒரு முறை வலிப்பு வந்தது. மூன்று நாள் கழித்துப் பிழைத்தது. பச்சைக் குழந்தையின் தொண்டை அந்தக் காரத்துக்கு இறுகிக்கொண்டு மூச்சே நின்றுவிடும், கற்பூரம் மூளையைத் தாக்கி வலிப்பில் தள்ளும் என்று லேடி டாக்டர் விளக்கினார். இந்தத் தைலம் ஏது என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வெளியில சொல்லாதம்மா. பொழப்பு போயிடும்" என்று முன்பே கெஞ்சியிருந்தார். யாரோ கொடுத்த தைலம் என்றேன். அவர் பின்னறையை அன்றே காலி செய்வார் என்று நம்பினேன்.

ஒரு மாதம் இருக்கும். மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு தாய், நாற்பது நாள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் வார்டுக்கு ஓடிவந்தாள். துண்டைப் பிரிக்கும் முன்பே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. கையில் வாங்கினேன்; குழந்தை சில்லிட்டுக் கிடந்தது. சளிக்கென்று மூக்கில் இரண்டு சொட்டு விட்டாளாம். மடியிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினாள். அண்ணன் லேபிள்தான். முட்டிவலி என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி அச்சாகியிருந்தது: 'குழந்தைகளின் சளிக்கும் உகந்தது.'

லேடி டாக்டர், இது யார் கலக்குவது என்று கேட்டார். "எங்க அண்ணன்" என்றேன். அந்தத் தாய் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.