கணக்கு சாரும் ஒரு பழைய பலாப்பழமும்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மீனாட்சி ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். கடைசி வகுப்பான சிக்ஸ்த் ஃபாரம் படிக்கிற பெண். பள்ளிக்கூட ஆண்டு மலரில், படிப்பை முடித்துப் போகிறவர்களின் பிரிவுரைப் பக்கம் எழுத அவளைத்தான் பிடித்திருக்கிறார்களாம்.

"மாமா, நீங்க பத்திரிகைக்கு எழுதுறவுக. ஒரு தடவை பாத்துக் குடுங்க. நாளைக்கு டீச்சர்கிட்டக் குடுக்கணும்."

வாங்கிப் படித்தேன். மூன்றாவது வரியில் சிரித்துவிட்டேன்.

'எங்கள் கணக்கு ஆசிரியை பலாப்பழம் போன்றவர். வெளியே முள்... உள்ளே சுளை!'

"இதை எங்கே பிடிச்சே?"

"போன வருஷ மலர்ல இருந்துச்சு மாமா. நல்லாருக்குல்ல?"

நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பலாப்பழத்துக்கும் எனக்கும் பழைய பகை ஒன்று உண்டு.

யுத்தத்துக்கு முந்தின காலம். புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி நானும் அதே சிக்ஸ்த் ஃபாரம் படித்தேன். மலரின் முன்பாதி இங்கிலீஷ், பின்பாதி தமிழ். பின்பாதிக்குத் தமிழ்ப் பண்டிதர் பொறுப்பு. அதன் கடைசிப் பக்கம்தான் பிரிவுரை. கட்டுரைப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்துவிட்டதால், பண்டிதர் போன வருஷ மலரை என் கையில் கொடுத்து, "இதே மாதிரி எழுதிக்கிட்டு வா" என்றார்.

இதே மாதிரி! வியாதியே அங்கேதான் ஆரம்பம். போன வருஷத்துப் பையன் அதற்கு முந்தின வருஷத்தைப் பார்த்து எழுதியிருப்பான். அவன் அதற்கும் முந்தினதை...

முறை என்னவென்றால், முதலில் ஹெட்மாஸ்டர். பிறகு சீனியாரிட்டிப்படி ஆசிரியர்கள். பிறகு மணியடிக்கிற பியூன். அதன் கீழே வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரே ஒரு வரி. எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது வரிக்கு ஓடினால் அச்சாபீஸிலிருந்து திரும்பி வந்துவிடும். அதனால் நீளமான பெயர்க்காரனுக்குப் புகழ் குறைச்சல். என் நண்பன் மீனாட்சிசுந்தரேஸ்வரனுக்கு 'நல்லவன்' என்பதற்குத்தான் இடம் இருந்தது. இன்று வரைக்கும் அவனுக்கு என் மேல் கோபம்.

காகிதத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். பண்டிதர் திருத்துவார். ஹெட்மாஸ்டர் சிவப்பு மையில் இனிஷியல் போடுவார். போட்டுவிட்டால் முடிந்தது. அப்புறம் ஒரு வார்த்தையை மாற்றுவதென்றாலும் மறுபடி அவர் அறைக்குள் போய் நிற்க வேண்டும். அதற்கு யாருக்குத் துணிச்சல்?

நான் எழுதி முடித்துவிட்டேன். கணக்கு கோபாலன் சாருக்கு வழக்கம் போலப் பலாப்பழம். பண்டிதரிடம் கொண்டு போகும்போது வராந்தாவில் கோபாலன் சாரே எதிரில் வந்தார். அவரைக் கண்டால் எங்கள் வகுப்பில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

"இங்கிட்டு வாடா. பிரிவுரையா? எனக்கு என்ன போட்டிருக்கே?"

காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனேன். அவரே சொன்னார்.

"பலாப்பழம்தானே?"

தலையாட்டினேன்.

"இங்கே சேந்ததுலேருந்து நான் பலாப்பழம்டா. வருஷா வருஷம் முள்ளு, சுளை, முள்ளு, சுளை. இந்த வருஷத்தோட ரிடையர் ஆவுறேன். கடைசி வருஷமாச்சும் என்னைய மனுஷனா எழுதக் கூடாதா?"

திட்டவில்லை. ஏதோ கடன் கேட்கிறவர் போலக் கூச்சத்தோடு கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரை எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவர் இந்தப் பக்கத்தை ஒவ்வொரு வருஷமும் தேடிப் படிப்பார் என்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா?

அதோடு, நான் பலா விளைகிற கீரமங்கலத்துக்காரன். பலாப்பழத்தை எங்களுக்குத் தெரியாதா? எண்ணெய் தடவாமல் கை வைத்தால் பிசின் நாள் முழுக்க விடாது. அது பாராட்டா, வசவா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஹாஸ்டலுக்குத் திரும்பிப் பையன்களைக் கேட்டேன். "கோபாலன் சாருன்னா ஒங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

"குட்டு," என்றான் ஒருவன்.

"சாக்பீஸ் எறியிறது. குறி தப்பாது," என்றான் இன்னொருவன்.

ஆவுடையார்கோவில் சொக்கலிங்கம் கணக்கில் எங்களுக்கெல்லாம் கடைசி. அவன் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"நான் போர்டுல தப்பாப் போட்டா மத்த சாருங்க உடனே அழிக்கச் சொல்லுவாங்க. இவரு அழிக்க விட மாட்டாருடா. மேலேருந்து ஒவ்வொரு வரியாப் பாத்துக்கிட்டே வருவாரு. எங்க தப்புதோ, அதுக்கு மேல ஒரு கோடு போட்டு 'இது வரைக்கும் சரி'ம்பாரு. அப்புறந்தான் குட்டு."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வாஸ்தவம்தானே! என் கணக்குகளிலும் அந்தக் கோடு எத்தனை தடவை விழுந்திருக்கிறது!

பலாப்பழத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'எங்கள் தப்புக் கணக்குகளிலும் சரியான வரிகளைத் தேடிப் பார்த்தவர் கோபாலன் சார்.'

பண்டிதர் கண்ணாடியை உயர்த்தினார். "பலாப்பழம் எங்கடா? அது இல்லாம பிரிவுரையா? ஹெட்மாஸ்டர் கேப்பாரே!"

"சார் வேண்டாங்குறாங்க ஐயா."

"யாரு, கோபாலனா? வேண்டாமின்னா சொன்னாரு?"

தன் பெயருக்கு நேரே விரலை வைத்தார். 'தமிழ்க்கடல்' என்று இருந்தது. அதுவும் வருஷா வருஷம் வருவதுதான். வராந்தாவில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் கடல் அலுத்துப் போச்சுடா. அந்தப் பழத்தை இங்கிட்டுத் தள்ளு."

கடல் என்ன ஆவது? கடலோர மீமிசலிலிருந்து வந்த டிரில் மாஸ்டருக்குப் போனது. அவருக்கு அதுவரைக்கும் 'வீரர்' என்று ஒரே ஒரு வார்த்தைதான். ஹெட்மாஸ்டர் படித்துப் பார்த்தார். பலாப்பழம் இருக்கிறதா, இருக்கிறது. கடல் இருக்கிறதா, இருக்கிறது. இனிஷியல் போட்டுவிட்டார்.

புரூஃப் வந்தபோது பெயர்களை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். ஒரு பெயர் விட்டுப் போனால் ஆயுசுக்கும் பகை அல்லவா?

ஆண்டு விழாவன்று மலரைக் கொடுத்தார்கள். எல்லோரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார்கள். கோபாலன் சாரும் திருப்பினார். நான் தூணோரமாக நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தார். மூடினார். மறுபடி திறந்து படித்தார். பிடிக்கவில்லையோ?

விரலால் என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"ஒன் மலரைக் குடு."

கொடுத்தேன். பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்த வரியின் கீழே, போர்டில் போடுவாரே, அதே மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'இது வரைக்கும் சரி.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ பத்திரிகையில் எழுதியாகிவிட்டது, அந்த மார்க்கை அப்புறம் யாரும் எனக்குப் போடவில்லை.

இத்தனையையும் மீனாட்சியிடம் சொன்னேன். "ஒங்க கணக்கு டீச்சர் என்ன செய்வாங்க, அதைச் சொல்லு," என்றேன்.

யோசித்தாள். பிறகு கண் விரியச் சிரித்தாள். "நாங்க பரீட்சை எழுதுறப்போ அவங்க நகத்தைக் கடிப்பாங்க மாமா! எங்களுக்கு இல்லாத பயம் அவங்களுக்கு!"

"அதை எழுது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். காகிதத்தை மடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"மாமா, பலாப்பழத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு வச்சுக்கிறவா?"