உப்பு நீர் ஏறிய பிறகு கேட்ட கேள்வி

பயிற்சி மருத்துவர்கள் அவளைச் சுருக்கக்கா என்று கூப்பிட்டார்கள். அவளும் மருத்துவர்தான். துறையில் வாராவாரம் ஒரு நோயாளியைப் பற்றி நடக்கும் கலந்துரையாடலை ஒலிப்பதிவு செய்வார்கள். அதைக் கேட்டு இரண்டு பக்கத்தில் எழுதித் தருவது அவள் வேலை. இரவுப் பணி முடித்து, கலந்துரையாடலில் உட்கார்ந்தபடியே தூங்கியவர்கள் அதைப் படித்துத்தான் தேர்வுகளில் பிழைத்தார்கள்.

ஒரு விஷயத்தில் அவள் கறார். எந்தச் சந்தேகம் முதலில் எழுந்தது, எது அதைக் கலைத்தது, அதன்பின் என்ன தோன்றியது என்ற வரிசை மாறக்கூடாது. "நோயோட பேரு மட்டும் போதும்னா புத்தகத்துல இருக்கு. என்கிட்ட எதுக்கு வர்றீங்க?" என்பாள்.

வீட்டில் கதை வேறு. எந்த நாவலையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவாள். "கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாத தாயே" என்று கணவன் தன் புத்தகங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான்.

அன்று அவள் அறைக்குப் பயிற்சி மருத்துவன் மின்னல் வந்தான். அவன் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் எதிரே இருப்பவரின் டீ ஆறிவிடும். அதனால் அந்தப் பெயர். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அக்கா… என்னை அவசரப் பிரிவுலேருந்து எடுத்துட்டாங்க."

"யாரு?"

"தலைவி மேடம். உங்க சுருக்கத்தைப் படிச்சாங்களாம். மொதல் வரியிலேயே விடை இருக்கு, இதைக்கூடக் கவனிக்காதவன் அவசரத்துல என்ன பண்ணுவான்னு… புறநோயாளிப் பிரிவுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

அவள் தன் சுருக்கத்தை எடுத்துப் பார்த்தாள். முதல் வரி: 'மூட்டு வலிக்குப் பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுச் சமீபத்தில் நிறுத்திய பெண், வாந்தி, வயிற்று வலி, தலைசுற்றலுடன் வந்தார்.'

"சரியாத்தானேடா இருக்கு?"

"சரிதான்க்கா. ஆனா அதைப் படிச்சா நான் காதுல பஞ்சு வெச்சிட்டு உக்காந்திருந்த மாதிரி இருக்கு."

அவனை உட்காரவைத்துவிட்டு ஒலிப்பதிவை மறுபடி போட்டாள். தான் பார்த்த நோயாளியைப் பற்றிச் சொல்லும் அவனுடைய இழுவைக் குரல் வந்தது. இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டானாம். இல்லை என்றாளாம் அந்தப் பெண். உண்மைதான், நிறுத்திவிட்டாள் அல்லவா. குடல் தொற்று, உடலில் நீர் வற்றிவிட்டது என்று எண்ணி உப்பு நீர் ஏற்றியிருக்கிறான். ரத்த அழுத்தம் ஏறவில்லை. காய்ச்சல் இல்லை, ரத்தப்போக்கும் இல்லை. பரிசோதனையில் சோடியம் குறைவு, சர்க்கரை குறைவு, பொட்டாசியம் சரியான அளவு. அதன் பிறகுதான் கட்டிலருகே திரும்பிப் போய்க் கேட்டிருக்கிறான்: சமீபத்தில் நிறுத்திய மாத்திரை ஏதாவது உண்டா? அப்போதுதான் ஸ்டீராய்டு பேச்சு வந்தது; அதைத் திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி உடனே வேலை செய்யாமல் ரத்த அழுத்தம் விழும்.

அவள் ஒலிப்பதிவை நிறுத்தினாள். முடிவு தெரிந்தவளாய்க் கேட்டதால் அந்த மாத்திரை மட்டும் அவள் காதில் உரக்க ஒலித்திருக்கிறது. தூக்கி முதல் வரியில் வைத்துவிட்டாள்.

"ஏன்டா, படிச்சதும் வந்து சண்டை போட வேண்டியதுதானே?"

"வந்துட்டுதான் இருந்தேன்க்கா…"

சிரித்துவிட்டாள். சிரித்தபடியே திருத்தி எழுத ஆரம்பித்தாள்.

புதிய பிரதியுடன் துறைத் தலைவியிடம் போனாள். "வரிசையை நான்தான் மாத்திட்டேன் மேடம். பேஷண்ட் கடைசியில சொன்னதை முதல்ல போட்டுட்டேன்."

தலைவி உள்ளங்கையால் பக்கத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு படித்தார். உப்பு நீர் ஏறும் இடத்தில் நின்றார். "இதுவரைக்கும் நானும் குடல்னுதான் சொல்லியிருப்பேன்." கையை மெல்லக் கீழே இறக்கினார். "அழுத்தம் ஏறலன்னதும் திரும்பிப் போய்க் கேட்டது யாரு?"

"அவன்தான்."

"கார்டிசால் ஹார்மோன் அளவு பாக்க ரத்தம் எடுத்துட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அதுக்குப் பதிலா ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டது?"

"அதுவும் அவன்தான் மேடம். பொட்டாசியம் சரியா இருந்ததால அட்ரினல் கெட்டுப்போகல, ஸ்டீராய்டு அதைத் தூங்க வெச்சிருக்குன்னும் அவனேதான் சொன்னான்."

"அவன் கேட்டதே பழைய பிரதியில இல்லையே?"

"முதல் வரியிலேயே பதிலை எழுதின பிறகு கேள்விக்கு இடம் இல்லாமப் போச்சு."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா நீ. நல்லா வேலை செஞ்சவனைப் போய்க் குத்தவாளி ஆக்கிட்டியே."

"அவனை மாத்தின உத்தரவுல உங்க கையெழுத்தும் இருக்கு மேடம்."

தலைவி அவளை முறைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. மின்னல் ஒரு முதியவரின் இருமலைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் எழுந்து போகும்வரை காத்திருந்து அவள் விஷயத்தைச் சொன்னாள். திருத்திய பிரதி எல்லோருக்கும் போய்விட்டது, வரிசையைக் குழப்பியது தான் என்று மேலேயே எழுதியிருப்பதாகவும் சொன்னாள்.

அவன் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா… நான்… உங்களுக்கு எப்படி…"

"டேய், அவசரப் பிரிவுல ஆள் இல்லாம கத்திட்டு இருக்காங்க. நடந்துக்கிட்டே சொல்லு."